மதிலுக்கு வெளியே எடுத்த மண்

மதுரையிலிருந்து விருதுநகர் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொள்வதற்குள் பக்கத்து இருக்கைப் பெண்மணி தொடங்கிவிட்டார். எந்த ஊர்? மலேசியா, கெடா. சரி, அதுக்கு முன்னாடி எந்த ஊர்? சாத்தூர்ப் பக்கம் என்று சொல்லக் கேள்வி. சாத்தூர்ல எந்தப் பக்கம்? குலசாமி எது? கறி சாப்பிடுவீகளா? விருதுநகர்ல யாரு வீட்டுல தங்குறீக? எனக்கு அறுபத்திரண்டு வயது. தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இத்தனை கேள்வியும் ஒரே கேள்விதான் என்று திருமங்கலம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நேரடியாகக் கேட்டிருந்தால் "தெரியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெரியவர்கள் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் மாதிரி மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்த்தால், இது முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறவிடாமல் சாப்பிட வேண்டுமாம். பரிமாறியவரும் தண்ணீர் வைக்கிற சாக்கில் "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" என்றார். கோபம் வந்தது. பரோட்டா நன்றாக இருந்ததால் அடங்கினேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தை வீடு கட்டுகிற நிறுவனம் வாங்கிவிட்டது. மாரியம்மன் கோயிலைச் சாலையோரத்து மாற்று நிலத்தில் புதிதாகக் கட்டுகிறோம். இந்தச் சீமையிலிருந்து கப்பலேறியவர்கள் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டதுதான் எங்கள் அம்மன். ஊரை விட்டுப் போகிறவர்கள் சாமியையும் கூட்டிக்கொண்டு போக இங்கே வழி அதுதான். சிலை வேண்டாம், ஒரு கைப்பிடி மண் போதும். புதிய பீடத்துக்கு மறுபடியும் பிடிமண் வேண்டும் என்று எங்கள் கோயில் தலைவர் முடிவு செய்தார். ஓய்வுபெற்றவள் என்பதால் என்னை அனுப்பினார்.

இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் கோயிலில் 'எல்லைக் கும்பிடு' என்று ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவன்று யாரும் நேராக உள்ளே போகக்கூடாது. இடுப்புயர மதிலுக்கு வெளியே எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். ஒரு கையால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தேங்காயைக் கையில் கொடுக்கக்கூடாது, தரையில் வைக்க வேண்டும். பூசை செய்பவர் அதன் மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். பிறகு மதிலுக்கு உள்ளே நின்றபடி, ஏந்திய கைகளில் உயரத்திலிருந்து திருநீற்றைப் போடுவார். விரல் படக்கூடாது. அது வாங்கின பிறகுதான் எல்லோரும் உள்ளே நுழையலாம். மலேசியாவில் வேறெந்தக் கோயிலிலும் இது கிடையாது என்பதில் எங்களுக்குப் பெரிய பெருமை. இதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். புதிய கோயிலில் மதிலை எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று பொறியாளர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. தாய்க்கோயிலில் பார்த்து, அளந்து வரச் சொன்னார்கள்.

தாய்க்கோயில் அச்சங்குளம் போகும் வழியில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. கோயில் கமிட்டித் தலைவர் சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிறார் என்று தெரிந்து, மறுநாள் அங்கே போனேன். நகரப் பேருந்து நடத்துநர் என்னை விஸ்வநத்தத்தில் இறக்கிவிட்டார். சிவகாசி வந்த வழியிலேயே பின்னால் போய்விட்டது என்றார். உச்சி வெயிலில் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் புகார் எழுதியிருப்பேன். இங்கே ஆட்டோக்காரரிடம் புலம்பினேன், அவர் அதற்கும் "யாரு வீட்டுக்கு?" என்றார்.

அச்சகத்துக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். சீசன் நேரம். அறை முழுக்கக் காலண்டர் அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. முருகன், மேரி மாதா, மெக்கா. அதற்கு அடுத்த அடுக்கில் ஒவ்வொரு சாதிச் சங்கத்துக்கும் அதனதன் தலைவர் படம். ஒருவரோடு ஒருவர் பேசாத தலைவர்களெல்லாம் ஒரே எந்திரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லா ஆர்டரும் எடுப்போம் டீச்சர். மையிக்கு ஏது சாதி" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. சாத்தூர்ச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வரவழைத்தார். பித்தளை டபராவில் காப்பி. அவர் சொன்ன கதையைக் கேட்டு நெகிழ்ந்துபோனேன். அவருடைய பூட்டன் காலத்தில் அவர்களை ஊர்ப் பெரிய கோயிலுக்குள் விடவில்லையாம். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சந்தைத் தெருவில் நடந்தாலும் அடி. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள்.

"அப்பறம் எங்க ஆளுக ஒரு முடிவுக்கு வந்தாக. அவன் கோயில் நமக்கு எதுக்கு? விக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் மகமைன்னு கொஞ்சம் எடுத்து வச்சாக. பொதுப் பணம். அதுல சொந்தமா கிணறு, சொந்தமா பள்ளிக்கூடம், சொந்தமா கோயிலு. நீங்க தேடி வந்திருக்கிற கோயில் அப்படிக் கட்டினதுதான் டீச்சர்."

பிறகு எங்கள் கோயிலைப் பற்றி விசாரித்தார். கிடா வெட்டு உண்டா? என் அப்பா காலத்திலேயே நிறுத்திவிட்டோம். பூசை யார்? இப்போது குருக்கள் வைத்திருக்கிறோம். படையல்? சைவம். ஒவ்வொரு பதிலுக்கும் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, "அப்ப நம்ம வகையறாதான். கப்பலேறிப் போன சொந்தம்" என்றார். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்குத் தெரியாது. கிடா வெட்டுவதை நிறுத்திக் குருக்கள் வைத்துக்கொண்டால் ஒரு தலைமுறையில் யாரும் யாராகவும் ஆகலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியின் காரில் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் கருவேலங்காடு, நடுநடுவே பட்டாசு ஆலைகளின் தனித்தனிச் சிற்றறைகள். கோயிலில் மேளத்தோடு வரவேற்பு. தாம்பாளத்தில் மாலையும், தலையில் கட்டப் பரிவட்டமும். பெண்ணுக்குப் பரிவட்டம் கட்டும் வழக்கம் இல்லை, ஆனாலும் எங்கள் தலைவர் சார்பில் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பூசாரி கருவறைக்குப் பின்புறம் மண் எடுக்கக் கடப்பாரையோடு தயாராக நின்றார். சுற்றிலும் மதில். வாசலில் ஒரு பலகை: 'இது தனியாருக்குச் சொந்தமான கோயில்.' அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் பொழுதிருந்தது. நான் ஆசிரியப் புத்தியில், "எல்லைக் கும்பிடு இங்கே எப்போது செய்வீர்கள்?" என்று கேட்டேன். யாருக்கும் புரியவில்லை. கைப்பேசியை எடுத்துப் போன வருடத்துத் திருவிழாக் காட்சியைப் போட்டேன். எங்கள் தலைவர், வங்கி மேலாளர், இரண்டு வக்கீல்கள், ஒரு பல் மருத்துவர், எல்லோரும் பட்டு வேட்டியில் மதிலுக்கு வெளியே நின்று, துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்திக்கொண்டு, கையை ஏந்துகிறார்கள். திருநீறு உயரத்திலிருந்து விழுகிறது.

கமிட்டி ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். மேளம் வாசித்தவரும் எட்டிப் பார்த்தார். பூசாரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். அண்ணாச்சி காட்சியை இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ராகு காலம் வந்துட்டு போலிருக்கே" என்றார்.

ராகு காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. அவர் அச்சடித்த காலண்டரே அவருக்குப் பின்னால் தொங்கியது. நான் அதைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. தாம்பாளம் உள்ளே போயிற்று, பரிவட்டத்தோடு. காப்பி வந்தது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் தம்ளரில், எனக்குக் காகிதக் குவளையில். கார் லோடு எடுக்க அவசரமாகப் போக வேண்டியிருக்கிறதாம். முக்கு ரோட்டில் பஸ் வரும் என்றார்கள். மண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, "சொல்லி அனுப்புதோம்" என்றார் அண்ணாச்சி.

என்ன தப்புச் செய்தேன் என்று விளங்காமல் முக்கு ரோட்டில் நின்றேன். பஸ் வரவில்லை. மதியம் சாய்ந்தபோது பட்டாசு ஆலை வேன் ஒன்று, காலை வேலை முடிந்த பெண்களை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. "ஏறுங்க டீச்சரு, இங்கன பஸ்ஸு சாயங்காலம்தான்" என்று ஒரு பெண் கையைப் பிடித்து ஏற்றினார். நான் டீச்சர் என்பது அதற்குள் ஊர் பூராவும் தெரிந்திருந்தது. அவர் பெயர் பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும். விரலெல்லாம் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம். கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. பட்டாசு ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேன் முழுவதும் ஒரு கணம் மூச்சை நிறுத்தியதைப் பார்த்தேன். டயர்தான் என்று தெரிந்ததும் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். பேச்சியம்மாளின் தெரு பக்கத்தில்தான். அவரோடு நடந்தேன்.

நடக்கும்போது நடந்ததைச் சொன்னேன். காட்சியைக் காட்டச் சொன்னார். பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார், அப்போது சிரிக்கவில்லை.

"இது சாமி கும்பிடுற முறை இல்ல டீச்சரு. எங்க ஆளுகளை அங்கன நிப்பாட்டுற முறை. துண்டை இடுப்புல கட்டணும். எச்சி தெறிச்சிரக் கூடாதுன்னு வாயப் பொத்தணும். நாங்க வச்ச தேங்காய்க்குத் தண்ணி தெளிச்சுத் தீட்டுக் கழிக்கணும். துண்ணூறு மேலருந்து விழும். வாங்கிட்டு அப்படியே திரும்பிரணும். உங்க ஆளுக அம்புட்டையும் மறக்காமச் செஞ்சிட்டு, அப்பறம் உள்ள வேற போறாக."

சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் முன்னோர் யார் என்று தெரிந்ததற்காக அல்ல, அது எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. நாற்பது வருடம் நானும் வாயைப் பொத்திக்கொண்டு நின்று, பக்தி என்று நினைத்து உருகியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். கோபம் பொங்கியது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பேச்சியம்மாள் தெருவில் தண்ணீர் கொடுத்தார்கள், வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தார்கள். அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்ததில் இவர்கள் பாட்டன்களும் உண்டு. ஆனால் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி இவர்களிடம் மட்டும் வாங்குவதில்லை. "நாங்க குடுக்குறோம்னுதான் சொல்றோம். வாங்க மாட்டாக. வரி வாங்கிட்டா நாமளும் பங்காளி ஆயிருவோம்ல" என்றார் பேச்சியம்மாள். கொஞ்ச வருடத்துக்கு முன் மனுக் கொடுத்து, தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டு, போலீஸ் பாதுகாப்போடு ஒருநாள் உள்ளே கூட்டிப்போனார்கள். படம் எடுத்தார்கள். மறுநாள் கோயிலைக் கழுவிவிட்டு, பரிகார பூசை செய்து, அந்தப் பலகையை மாட்டினார்கள். ஊரார் கும்பிடுகிற கோயில் எதுவானாலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்பது சட்டம். தனியார் கோயில் என்று எழுதினால் வழக்கு இழுக்கும், அவ்வளவுதான். இழுக்கிறது.

தெருவுக்குள்ளேயும் ஒருமித்த கருத்து இல்லை. பேச்சியம்மாளின் கணவர், உள்ளே போய்க் கும்பிட்டே தீரவேண்டும், உரிமை என்கிறார். கொழுந்தனார் மாடசாமி, "நம்மள வெளிய நிப்பாட்டுன சாமி நமக்கு எதுக்கு மதினி? சாமியே வேணாம்" என்கிறார். இரண்டு குடும்பம் சர்ச்சுக்குப் போயிற்று. அங்கேயும் கல்லறைக்கு நடுவே சுவர் இருக்கிறது என்று ஒன்று திரும்பி வந்தது. பேச்சியம்மாளும் சில பெண்களும் தெருக்கோடியில் சொந்தமாக அம்மன் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெண்ணாக முறைவைத்துப் பூசை. தீட்டு, விலக்கு எதுவும் கிடையாது.

"அந்தப் பீடத்துக்கு மண் எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டன் நின்ன எடத்துல. மதிலுக்கு வெளிய. அது ரோட்டுப் புறம்போக்கு, எவன் கேப்பான்."

மறுநாள் அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். அச்சகத்துக்குப் போனேன். மேசைமேல் மஞ்சள் துணியில் ஒரு பொட்டலம். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி அதை என் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை.

"உள் மண்ணுதான் டீச்சர். அம்புட்டுத் தூரத்துலருந்து வந்துட்டீக, வெறுங்கையோட அனுப்ப மனசில்ல. கோயிலுக்கு இனி வர வேணாம். அந்தப் படத்தையும் யாருக்கும் காட்டாதீக. உங்க கல்வெட்டுல எங்க சொந்தம்னே போட்டுக்கிடுங்க, எங்களுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்கும் மரியாதை."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் எரிச்சலை அதிகமாக்கியது. "அண்ணாச்சி, உங்கள் பூட்டனை உள்ளே விடவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றேன்.

"அது வேற டீச்சர்."

"என்ன வேறு?"

அவர் ஒரு காலண்டர் அட்டையை எடுத்து மை காய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். "அது வேற" என்றார் மறுபடியும். பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. பேச்சியம்மாளும் நானும் மதிலுக்கு வெளியே, சாலையோரம் உட்கார்ந்து, அவர் வீட்டுக் கரண்டியால் மண்ணைத் தோண்டி ஒரு சின்ன மண்கலயத்தில் நிரப்பினோம். பீடிக்கட்டையும் பட்டாசுத் தாளும் கலந்த மண். பொறுக்கி எறிந்தோம். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். திரும்பிப் போனார்.

அங்கிருந்தே எங்கள் தலைவரைக் கைப்பேசியில் அழைத்து, மதில் கட்ட வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "டீச்சர், பழைய அளவையே வைத்துக் கருங்கல் மதில் ஏறிவிட்டதே. உபயம் என் பெயர்தான். குருக்களும் அது ஆகமத்தில் இருக்கிறது என்கிறார்" என்றார். எந்த ஆகமம் என்று கேட்டேன். இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் கமிட்டிக் கூட்டம். நான் எதையும் மறைக்கவில்லை. மதிலைப் பற்றி ஒருவருக்கும் கோபம் வரவில்லை, நான் பேசினதில்தான் கோபம். "இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள்? நம் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்றார் பல் மருத்துவர். ஒரு வக்கீல், பெயரை மாற்றிப் பணிவுக் கும்பிடு என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். கடைசியில் தீர்மானம் போட்டார்கள். மதிலும் கும்பிடும் இருக்கும். வெளி மண் கருவறைக்கு ஆகாது. அதைச் சிலை நிறுத்தும் நாளில் மதில் ஓரத்து எல்லைக்கல்லுக்கு அடியில் போட்டுவிடலாம். பீடத்துக்குத் தோட்டத்துப் பழைய கோயில் மண் போதும். மண்ணைக் கூட வெளியே நிறுத்திவிட்டார்கள். அதை வாய்விட்டுச் சொன்னேன். கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

சிலை நிறுத்தும் நாள் வந்தது. நாதசுரம், குடைகள், வெளியூர்க் கூட்டம். புதுக் கருங்கல் மதிலுக்கு வெளியே தலைவரும், வங்கி மேலாளரும், வக்கீல்களும், பல் மருத்துவரும் வரிசையாக நின்றார்கள். துண்டு இடுப்புக்குப் போயிற்று. கைகள் வாய்க்குப் போயின. குருக்கள் திருநீற்றுத் தட்டோடு அந்தக் கோடியிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

நான் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லைக்கல்லைத் தாண்டி, வாசல் வழியாக உள்ளே நடந்தேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். அவருக்கு இன்னும் திருநீறு விழவில்லை. விழாமல் உள்ளே வரக்கூடாது. வாயிலிருந்து கையை எடுக்கவும் கூடாது. பொத்திய கைக்குள் ஏதோ சத்தம் வந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒருவரும் நகரவில்லை. அது அவர்களுடைய முறை.

கருவறையில் ஸ்தபதி பீடக்குழியின் ஓரத்தில் காத்திருந்தார். கமிட்டித் தீர்மானத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "தாய்க்கோயில் மண் இதுதானாம்மா?"

"இதுதான்" என்றேன்.

கலயத்தை வாங்கிக் குழியில் கவிழ்த்தார். கடைசியாக ஒரு துண்டு பட்டாசுத் தாள் விழுந்தது. எடுக்கவா என்று பார்த்தார். வேண்டாம் என்றேன். அதன் மேல் அம்மனை இறக்கினார்கள்.